ஜூலையில் குதிரேமுக்: ஓடை தாண்ட எந்தச் சாண்டல்?

திருப்பூர்_வாசு
ஜூலை இரண்டாம் வாரம் நாலு பேராகக் கர்நாடகத்துக் குதிரேமுக் மலைக்குப் போகிறோம். அடிவாரத்து முள்ளோடி ஊரில் தங்கி, காலையில் ஏறி, மாலைக்குள் இறங்கும் வழக்கமான வழிதான். போய் வர 20 கிலோமீட்டர் பக்கம் வரும் என்கிறார்கள். வழியில் நாலைந்து ஓடைகள் உண்டு. மழை வலுத்தால் முழங்கால் வரை தண்ணீர் வருமாம். மற்ற இடமெல்லாம் சேறும் புல்லும்.

போன வருஷம் வேறு மலையில் ஷூவோடு ஓடையில் இறங்கிவிட்டு நாள் முழுக்க சளக் சளக் என்று நடந்தேன். மாலையில் கழற்றினால் பாதம் ஊறி வெளுத்துப்போய், குதிகாலில் இரண்டு கொப்புளம். அதற்கு முந்தின முறை 900 ரூபாய் சாண்டல் ஒன்று போட்டுப் போனேன். நடு ஓடையில் காலைத் தூக்கும்போது குதிகால் பட்டை நழுவி, சாண்டல் காலை விட்டுக் கிளம்பிவிட்டது. பின்னால் வந்தவன் எட்டிப் பிடித்ததால் திரும்பக் கிடைத்தது.

எனக்கு வேண்டியது இரண்டுதான். காலை விட்டுப் போகக்கூடாது, தண்ணீரைச் சீக்கிரம் விட்டுவிட வேண்டும். 3,500 ரூபாய் வரை செலவழிக்கத் தயார். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

நடராஜன்_மதுரை
தம்பி, நல்ல வாட்டர்ப்ரூஃப் ஷூவாக ஒன்று வாங்கிவிடுங்கள். நான் கொடைக்கானலில் மழையில் இரண்டு மணி நேரம் நடந்தேன், சாக்ஸ்கூட நனையவில்லை. சாண்டல் எல்லாம் கடைத்தெருவுக்குத்தான்.

திருப்பூர்_வாசு
சார், மழைக்கு அது சரி. முழங்கால் தண்ணீரில் இறங்கினால் மேல்வழியாக உள்ளே போகுமே?

நடராஜன்_மதுரை
ஓ, ஓடைக்குள்ளேயே இறங்க வேண்டுமா? நான் மழை என்று மட்டும் நினைத்துவிட்டேன். அப்படியானால் உள்ளே போன தண்ணீர் வெளியேயும் வராது, உண்மைதான்.

ராஃப்டிங்_ரவி
ரிஷிகேஷில் இரண்டு சீசன் படகில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒன்று, சோலில் ஓட்டை எத்தனை அதிகமோ அத்தனை நல்லது, தண்ணீர் அப்படியே கீழே இறங்கிவிடும். இரண்டு, வெல்க்ரோ பக்கமே போகாதீர்கள், தண்ணீர் பட்டால் பிடி விட்டுவிடும். பக்கிள்தான். மூன்று, ஆழமான பற்கள் உள்ள சோல். அது இருந்தால் பாசிக் கல்லிலும் ஓடலாம்.

தவளைக்காரி
ரவி, பக்கிள் நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மற்றதில் எனக்கு வேறு அனுபவம். மழைக்கால மூன்று மாதமும் தவளைக் கணக்கெடுப்பில் களப்பணி செய்கிறேன். ராத்திரி முழுக்க ஓடைக்குள்தான் நடை. எட்டு வருஷத்தில் நாலு ஜோடி தேய்த்துப் போட்டிருக்கிறேன், இரண்டை ஆற்றுக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசு, சாண்டல் ஏன் காலை விட்டுப் போகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். தண்ணீருக்குள் காலைத் தூக்கும்போது பாதத்துக்கும் சோலுக்கும் நடுவில் தண்ணீர் புகுந்து சோலைக் கீழே தள்ளுகிறது. குதிகால் பக்கம்தான் முதலில் திறக்கும். விரல் பக்கத்துப் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் அங்கே உதவாது. காப்பாற்றுவது இரண்டு பட்டைகள்: குதிகாலுக்குப் பின்னால் ஒன்று, கணுக்காலுக்குச் சற்று முன்னால் பாதத்தின் மேட்டில் ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்க வேண்டும். குதிகால் பட்டை மட்டும் தனியாக இருந்தால், அது எவ்வளவு தடிமனாக இருந்தாலும் வழுக்கிக் கீழே இறங்கும். உங்கள் 900 ரூபாய்க்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

கடையில் போட்டு இறுக்கிய பிறகு, பின்பட்டையை ஒரு விரலால் கீழ்நோக்கி இழுத்துப் பாருங்கள். குதிகாலின் உருண்டையைத் தாண்டி இறங்கிவிட்டால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். அடுத்து, ஒரு காலால் சாண்டலின் விளிம்பை மிதித்துக்கொண்டு மற்ற காலைத் தூக்கப் பாருங்கள். குதிகால் ஒரு விரல் கனத்துக்கு மேல் எழும்பக்கூடாது. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

வெல்க்ரோவைத் தண்ணீர் கெடுப்பதில்லை. இந்த வகைச் சாண்டலே, 1984-இல் கிராண்ட் கேன்யனில் படகோட்டியாக இருந்த ஒருவர் சாதாரணச் செருப்பில் வெல்க்ரோ பட்டை வைத்துச் செய்த டெவாவிலிருந்து வந்ததுதான். வெல்க்ரோவைக் கெடுப்பது மண். வண்டலும் புல் நாரும் கொக்கிப் பக்கத்தில் அடைத்துக்கொண்டால் பிடி பாதியாகிவிடும். அதனால் ஒட்டும் நீளத்தைப் பாருங்கள். இறுக்கிய நிலையில் மூன்று விரல் அகலத்துக்குக் குறையாமல் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். பழைய டூத்பிரஷ் ஒன்று பையில் இருந்தால், மாலையில் ஒரு நிமிஷம் தேய்த்துக் கழுவிவிடலாம். வருஷக்கணக்கில் வரும்.

இனி தண்ணீர் வடிவது. சாண்டல் நாலு பக்கமும் திறந்ததுதான். சோலில் ஓட்டை இல்லாவிட்டாலும் இரண்டு எட்டு வைத்தால் தண்ணீர் போய்விடும். மூடிய ஷூவுக்குத்தான் ஓட்டை வேண்டும். சாண்டலில் ஓட்டை இருந்தால் கீழிருந்து பொடிக்கல் ஏறும், அவ்வளவுதான். நாள் முழுக்க ஈரமாக வைத்திருப்பது எது என்றால், தண்ணீரைக் குடிக்கிற பொருள்: தோல் வைத்த உள்ளடி, துணி ஒட்டிய உள்ளடி, பட்டைக்கு அடியில் மெத்தென்று இருக்கும் பஞ்சு. கடையில் கால் வைத்ததும் சொகுசாகத் தோன்றுவது இந்தப் பஞ்சுதான். காட்டில் அதுவே ஸ்பாஞ்ச்.

கடைசியாகப் பாசி. ஆழமான பற்கள் சேற்றுக்கும் புல்சரிவுக்கும் உதவும். ஈரப் பாறையில் ரப்பர் மென்மையாக இருப்பதும், அது பாறையில் எவ்வளவு பரப்பில் படிகிறது என்பதும்தான் கணக்கு. நகத்தால் அழுத்தினால் சற்று உள்வாங்கி மீள வேண்டும். நகம் வழுக்கினால் அது பிளாஸ்டிக் மாதிரி. பாசி படிந்த கல்லில் எந்த ரப்பரும் நிற்காது, ரவி. அங்கே ஓடுவதெல்லாம் வேண்டாம். கல்மேல் கால் வைக்காமல் கற்களுக்கு இடையே மணலில் வைத்து நடக்க வேண்டும்.

ராஃப்டிங்_ரவி
ஓட்டை விஷயம் ஒப்புக்கொள்கிறேன், நாங்கள் போட்டது மூடிய ஷூதான். பாசிக்கு வழி இருக்கிறதே! ஜப்பானில் ஓடைவழியாகவே மலை ஏறுகிறவர்கள் கம்பளி மாதிரி ஃபெல்ட் அடி வைத்த ஷூ போடுகிறார்கள்.

தவளைக்காரி
உண்மை, ஃபெல்ட் பாசியில் நிற்கும். ஆனால் சேற்றுச் சரிவில் அதே ஃபெல்ட் சறுக்கும். குதிரேமுக்கில் ஓடை மொத்தம் சில நூறு அடி, மீதி எல்லாம் சேறு. இன்னொன்று, ஃபெல்ட் காயவே காயாது. ஒரு ஆற்றின் நுண்ணுயிரை அடுத்த ஆற்றுக்குச் சுமந்து போகும் என்று நியூசிலாந்தில் மீன்பிடிப்பவர்களுக்கு 2008-இல் தடையே செய்துவிட்டார்கள். தவளைகளிடையே பூஞ்சை நோய் பரவுவதைப் பார்க்கிற தொழில் எனக்கு. ஆகவே இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கறார்.

செல்வி_தென்காசி
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அம்மாவுக்கு 64 வயது, சர்க்கரை இருக்கிறது. சீசனுக்குக் குற்றாலம் கூட்டிப்போகிறேன். ஈரத் தரையில் வழுக்காமல் இருக்க இந்த மாதிரி சாண்டல் வாங்கலாமா? பாதத்தில் உணர்ச்சி குறைவு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

தவளைக்காரி
அக்கா, உணர்ச்சி குறைந்த காலுக்கு நான் மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. பட்டைக்கு அடியில் மணல் புகுந்து தோலை அறுத்தால் எங்களுக்கு எரியும், உடனே நின்று கழுவுவோம். அம்மாவுக்குத் தெரியாமலே புண்ணாகிவிடலாம். விரல்களை மூடிய, உள்ளே தையல் உறுத்தாத வகைதான் நல்லது. எது என்று அவருடைய டாக்டரையே கேளுங்கள். குளித்து வந்ததும் விரல் இடுக்குவரை துடைத்து, நீங்களே கண்ணால் பார்த்துவிடுங்கள்.

ஆம்பூர்_பட்டறை
நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் பதினெட்டு வருஷம். தவளைக்காரி சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். பட்டை எந்த நூல் என்று பாருங்கள். நைலான் தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சும், உறிஞ்சினால் நீளும். காய்ந்த காலில் கச்சிதமாக இறுக்கியது ஓடையில் தளர்வது அதனால்தான். பாலியெஸ்டர் கிட்டத்தட்ட உறிஞ்சாது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், லேபிளிலும் பெரும்பாலும் போடமாட்டார்கள். அதனால் வாங்கி வந்து வீட்டில் பக்கெட்டில் ஊறவைத்து, ஈரத்தோடு போட்டுப் பார்ப்பதுதான் வழி. திருப்பிக் கொடுக்க முடியுமா என்பதைக் கடையில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டை சோலோடு சேருமிடமும் முக்கியம். சிலதில் பட்டை நுனியை இரண்டு அடுக்குக்கு நடுவில் வைத்துப் பசையால் ஒட்டியிருப்பார்கள். சிலதில் பட்டை சோலுக்குள் புகுந்து மறுபக்கம் வந்து ஒரே நாடாவாக ஓடும். இரண்டாவது வகையைப் பிடுங்கி எடுக்க முடியாது. முதல் வகையை வைத்திருப்பவர்கள், தெருமுனையில் தைக்கிறவரிடம் கொடுத்து ஓரம் முழுக்க ஒரு தையல் போட்டுக்கொள்ளலாம். அதிகம் செலவாகாது.

கார்த்திகா_ஓசூர்
விரல் மூடியதா, திறந்ததா? அதை யாரும் சொல்லவில்லையே. நான் மூடியதற்குத்தான் ஓட்டுப் போடுவேன். கலங்கின தண்ணீரில் கல் தெரியாது. சுண்டுவிரலை ஒரு முறை இடித்துக்கொண்டால் அப்புறம் 10 கிலோமீட்டர் நொண்ட வேண்டும்.

தவளைக்காரி
நான் திறந்ததுதான். மூடிய முனைக்குள் கூழாங்கல் புகுந்தால் வெளியே வராது, கழற்றித்தான் தட்ட வேண்டும். திறந்ததில் காலை ஒரு உதறு உதறினால் போகும். ஆனால் உங்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது. என் இடது காலில் கட்டைவிரல் நகம் இரண்டு முறை போய் முளைத்தது.

கார்த்திகா_ஓசூர்
இதைச் சொல்லிவிட்டுத் திறந்ததுதான் என்கிறீர்களே!

திருப்பூர்_வாசு
இரண்டு ஜோடி கிடைத்தது. ஒன்று புதிது, இன்னொன்று மச்சானுடையது. இரண்டையும் பக்கெட்டில் 15 நிமிஷம் முக்கி, கொடியில் 10 நிமிஷம் தொங்கவிட்டு, சமையலறைத் தராசில் எடை போட்டேன். மனைவி பார்த்த பார்வை தனிக் கதை.

மச்சானுடையது பட்டைக்கு அடியில் பஞ்சு, உள்ளடியில் துணி வைத்த வகை. காய்ந்தபோது ஜோடி 710 கிராம், நனைந்த பிறகு 905. புதிது வெறும் நாடாவும் ரப்பரும்தான். காய்ந்தபோது 780, நனைந்த பிறகு 815. கடையில் தூக்கிப் பார்த்தபோது மச்சானுடையதுதான் லேசு என்று நினைத்தேன்! மறுநாள் காலையிலும் அதன் துணி ஈரமாகவே இருந்தது. புதிது இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது.

ஆனால் புதிதில் ஒரு குறை. ஈரத்தோடு போட்டு மாடிப்படி ஏறி இறங்கினேன். மேட்டுப் பட்டைக்கு அடியில் ஒரு விரல் நுழையும் அளவு தளர்ந்துவிட்டது.

ஆம்பூர்_பட்டறை
நைலானாகத்தான் இருக்கும். தூக்கிப் போட வேண்டாம். காலையில் கிளம்பும் முன்பே நனைத்து, நனைந்த நிலையில் இறுக்குங்கள். முதல் ஓடை தாண்டியதும் இன்னொரு முறை. அதற்கப்புறம் பெரிதாக நீளாது. மாலையில் கழற்றும்போது தளர்த்திவிட்டுக் காயப்போடுங்கள்.

தவளைக்காரி
படியில் இறங்கும்போது பாதம் உள்ளடியில் முன்னால் வழுக்கியதா? ஓடையைவிட மாலை இறக்கத்தில்தான் கால் அதிகம் பாழாகும். ஈரமும் சேறும் உள்ளடியில் படிந்தால் பாதம் முன்னால் சறுக்கி, விரல் பட்டையில் போய் அறையும். உள்ளடியில் சொரசொரப்பான வரிகள் இருக்க வேண்டும்.

இன்னொன்று, அட்டைப்பூச்சி ஏறாமல் தடுக்கும் அட்டை சாக்ஸ் போட்டுக்கொண்டே சாண்டல் போடுங்கள். முழங்கால் வரை வரும், நெருக்கமாக நெய்த துணிச் சாக்ஸ். ஜூலையில் அங்கே அட்டை இல்லாமல் இருக்காது. பட்டை தோலில் நேராக உரசாது, வழுக்கலும் குறையும். சாக்ஸோடு போட்டுப் பார்த்துத்தான் அளவு எடுக்க வேண்டும். கட்டைவிரல் இடுக்கில் கம்பு வரும் மாடல் என்றால் இந்தச் சாக்ஸே நுழையாது.

திருப்பூர்_வாசு
வழுக்கியது, கொஞ்சம். சாக்ஸ் ஆர்டர் போட்டுவிட்டேன்.

திருப்பூர்_வாசு
போய் வந்தாயிற்று. எழுதக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

சாண்டல் காலை விட்டு அசையவில்லை. சொன்னபடி முள்ளோடியிலேயே நனைத்து இறுக்கினேன், முதல் ஓடைக்குப் பிறகு பக்கிளை இன்னும் ஒரு இழுப்பு. அப்புறம் மாலைவரை தொடவில்லை. ஓடை தாண்டி நாலு எட்டில் தண்ணீர் போய்விட்டது. ஷூ போட்டு வந்த பாலா ஒவ்வொரு ஓடையிலும் கழற்றி மாட்டினான். ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம், எல்லோரும் அவனுக்காக நின்றோம். மூன்றாவது ஓடையில் வெறுத்துப்போய் ஷூவோடே இறங்கிவிட்டான்.

சாக்ஸ் அருமையான யோசனை. ஆனால் இறங்கும்போது சூடாக இருக்கிறது என்று வலது காலில் மடித்துவிட்டேன். உள் கணுக்கால் எலும்புக்குக் கீழே பட்டைக்குள் மணல் புகுந்து, ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் உரிந்துவிட்டது. இடது காலில் ஒன்றுமில்லை. என் தப்புதான்.

மூடிய முனைச் சாண்டல் போட்ட பிரபு கல் தட்ட மூன்று முறை உட்கார்ந்தான். திறந்தது போட்ட நான் நாலாவது ஓடையில் விரலை இடித்துக்கொண்டேன், நகம் கறுத்திருக்கிறது. கார்த்திகாவுக்கும் தவளைக்காரிக்கும் ஆளுக்கு ஒரு புள்ளி.

பெரிய கூத்து சரவணனுடையது. நல்ல விலை கொடுத்து வாங்கியதாம், ஐந்து வருஷம் பரணில் பெட்டியிலேயே இருந்ததாம். வழியில் ஒண்டி மரம் என்ற இடத்தைத் தாண்டும்போது அடிச்சோல் கேக் மாதிரி பொடிந்து உதிர ஆரம்பித்தது. துணிக்கொடிக் கயிற்றால் பாதத்தோடு சேர்த்துக் கட்டி இறக்கினோம். இரண்டு நாள் நடந்ததுகூட இல்லை, இது எப்படி?

திரும்பும்போது மேலே மழை. காலையில் கணுக்கால் அளவு இருந்த ஓடை தொடைக்கு வந்துவிட்டது. வழிகாட்டி எங்களை இறங்கவிடவில்லை, நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் இறங்கிய பிறகுதான் கைகோத்துத் தாண்டினோம்.

ஆம்பூர்_பட்டறை
சரவணனுடையது பாலியூரித்தேன் நடுச்சோலாக இருக்கும். அது காற்றிலுள்ள ஈரத்தோடு மெதுவாக வினைபுரிந்து உள்ளுக்குள்ளேயே உடையும். போடாமல் வைத்தாலும் நடக்கும், மூடின பெட்டியில் புழுக்கத்தில் இருந்தால் சீக்கிரமே நடக்கும். மேலே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு சோலை இரண்டு கையாலும் வளைத்து, பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்துங்கள். மயிரிழை வெடிப்போ, பிசுபிசுப்போ தெரிந்தால் வேண்டாம். ஈவிஏ என்ற நுரையில் செய்த நடுச்சோலில் இந்தத் தொல்லை இல்லை, நாளாக நாளாகத் தட்டையாகும், அவ்வளவுதான்.

ராஃப்டிங்_ரவி
வழிகாட்டி செய்தது சரி. வேகமான தண்ணீர் முழங்காலைத் தாண்டினால் நாங்களும் யாரையும் இறக்கமாட்டோம், காலில் என்ன போட்டிருந்தாலும். தாண்டும்போது, விழுந்தால் பையை உடனே உதறிவிட வசதியாக, அதன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றிவிட்டீர்களா?

திருப்பூர்_வாசு
இல்லை ரவி, அது தெரியாது.

கார்த்திகா_ஓசூர்
நகம் விழுந்ததா, நிற்கிறதா?

திருப்பூர்_வாசு
ஆடிக்கொண்டிருக்கிறது. விழுந்தால் உங்கள் கட்சி.